எக்செலில் A, B, C போய் 1, 2, 3 வந்துவிட்டது. ஃபார்முலா முழுக்க R, C ஆகத் தெரிகிறது

தேன்மொழி

வணக்கம். ஹார்டுவேர் கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். நேற்று வரை ஒழுங்காக இருந்த எக்செல் இன்று காலை திறந்ததும் வேறு மாதிரி இருக்கிறது. ஷீட்டின் மேலே A, B, C, D என்று இருந்த இடத்தில் 1, 2, 3, 4 என்று வருகிறது. இடது பக்கமும் 1, 2, 3தான். எது வரிசை, எது நெடுவரிசை என்றே குழம்புகிறது.

ஃபார்முலாவும் மாறிவிட்டது. D2 செல்லில் நான் போட்டது `=B2*C2`. இப்போது அதே செல்லில் நின்றால் மேலே இருக்கும் பட்டையில் இப்படித் தெரிகிறது:

```
=RC[-2]*RC[-1]
```

கூட்டல் போட்ட செல்லில் `=SUM(R[-5]C:R[-1]C)` என்று இருக்கிறது. தொகை எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் புதிதாக எதுவும் எழுத முடியவில்லை, எழுதினால் `#NAME?` என்கிறது. மாதக் கடைசி, இருப்புக் கணக்கை முடித்துக் கொடுக்க வேண்டும். வைரஸ் ஏதாவது இருக்குமா? ஆஃபீஸ் 365, விண்டோஸ் 11.

ரஃபீக்

வைரஸ் எல்லாம் இல்லை மேடம். எனக்கும் இப்படி வந்திருக்கிறது. கீபோர்டில் Esc-க்குக் கீழே இருக்கும் பட்டனை Ctrl-உடன் சேர்த்து அழுத்தியிருப்பீர்கள். மறுபடி Ctrl + ` அழுத்துங்கள், ஃபார்முலா மறைந்து விடை தெரியும்.

தேன்மொழி

அழுத்திப் பார்த்தேன் ரஃபீக் சார். அழுத்தினால் எல்லா செல்லிலும் ஃபார்முலா தெரிகிறது, மறுபடி அழுத்தினால் தொகை தெரிகிறது. என் பிரச்சினை அது இல்லை. செல்லில் விடை சரியாகவே இருக்கிறது. ஃபார்முலா எழுதியிருக்கும் விதமும் மேலே இருக்கும் எழுத்துகளும்தான் மாறிவிட்டன.

கரிசல் கணேசன்

இது ஒரு டிக் சமாச்சாரம், பயப்பட ஒன்றும் இல்லை. File > Options > Formulas போங்கள். Working with formulas என்ற பகுதியில் R1C1 reference style என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் விழுந்திருக்கும், எடுத்துவிட்டு OK கொடுங்கள். A, B, C திரும்பி வந்துவிடும். பழைய ஃபார்முலா எல்லாம் தானாகவே `=B2*C2` ஆகிவிடும், எதையும் திரும்ப அடிக்க வேண்டாம்.

இது கம்ப்யூட்டரில் இருக்கும் செட்டிங். ஒரு தடவை எடுத்துவிட்டால் போதும், திரும்ப வராது. உங்கள் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்து மாற்றியிருப்பார்கள்.

தேன்மொழி

மிக்க நன்றி கணேசன் சார்! டிக் எடுத்ததும் A, B, C வந்துவிட்டது. ஆனால் என் சீட்டில் வேறு யாரும் உட்காருவது இல்லையே.

வட்டக்கோட்டை வாசு

நான் லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துகிறேன். அங்கும் இதே மாதிரி ஆனது, ஆனால் கணேசன் சொல்லும் File > Options எனக்கு இல்லை. அங்கே Tools > Options > LibreOffice Calc > Formula என்று போனால் Syntax என்று ஒரு தேர்வு இருக்கிறது. அது Excel R1C1 என்று மாறியிருந்தது. அதை Calc A1 ஆக்கியதும் சரியாகிவிட்டது. என்னை மாதிரி யாராவது தேடி வந்தால் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தேன்மொழி

மறுநாள் காலை எழுதுகிறேன். மறுபடியும் 1, 2, 3 வந்துவிட்டது! நேற்று டிக் எடுத்த பிறகு நன்றாகத்தான் இருந்தது. இன்று ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த ஃபைலை மெயிலில் இருந்து திறந்தேன், அப்புறம் என் இருப்பு ஃபைலைத் திறந்தேன். இரண்டிலும் எண்தான்.

இன்னொன்று, இது பெரிய கவலையாக இருக்கிறது. முந்தாநாள் எழுத்து மாறியிருந்த நேரத்தில், அவசரத்துக்கு ஒரு செல்லில் மொத்த எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தேன். C2 முதல் C6 வரை இருப்பது 12, 8, 25, 6, 40. கூட்டினால் 91 வர வேண்டும். H3 செல்லில் `=SUM(C2:C6)` என்று அடித்தேன். `#NAME?` வரவில்லை, 8965.90 வந்தது! பக்கத்தில் H4-இல் `=D7+E7` அடித்தேன், அதற்கு மட்டும் `#NAME?`. ஒன்றுக்குப் பிழை சொல்லி, இன்னொன்றுக்குத் தப்பான தொகையைக் கொடுத்தால் எதை நம்புவது?

கரிசல் கணேசன்

8965.90 எப்படி வரும்? C நெடுவரிசையில் மறைத்து வைத்த வரிசை ஏதாவது இருக்கும், பாருங்கள். அல்லது எண்ணாக இல்லாமல் டெக்ஸ்டாக ஏதாவது விழுந்திருக்கும்.

மு. நாராயணி

தேன்மொழி, உங்கள் ஷீட்டில் என்னென்ன இருக்கிறது என்று அப்படியே போடுங்கள். எண்களோடு. 8965.90 எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது, ஆனால் எண்களைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தேன்மொழி

A பொருளின் பெயர், B விலை, C எண்ணிக்கை, D தொகை, E ஜிஎஸ்டி, F காலி. G1-இல் 18% என்று வைத்திருக்கிறேன். முதல் வரிசை தலைப்பு.

வரிசை 2: விலை 45, எண்ணிக்கை 12, தொகை 540. வரிசை 3: 120, 8, 960. வரிசை 4: 18, 25, 450. வரிசை 5: 210, 6, 1260. வரிசை 6: 9.50, 40, 380. ஏழாவது வரிசையில் D7 மொத்தம் 3590, E7 ஜிஎஸ்டி மொத்தம் 646.20. மற்ற செல்கள் காலி. மறைத்து வைத்த வரிசை எதுவும் இல்லை.

எண் மாதிரி இருக்கும்போது E நெடுவரிசையில் தெரியும் ஃபார்முலாவையும் காப்பி செய்து போடுகிறேன்:

```
=RC[-1]*R1C7
=RC[-1]*R1C7
=RC[-1]*R1C7
=RC[-1]*R1C7
=RC[-1]*0.18
```

மு. நாராயணி

நன்றி, இப்போது கணக்கு நேராக வருகிறது.

R என்றால் வரிசை, C என்றால் நெடுவரிசை. இந்த முறையில் எக்செல் ஒரு செல்லை "இத்தனாவது வரிசை, இத்தனாவது நெடுவரிசை" என்று எண்ணால் குறிக்கும். R1C7 என்றால் முதல் வரிசை, ஏழாவது நெடுவரிசை, அதாவது உங்கள் `$G$1`. சதுர அடைப்புக்குள் எண் வந்தால் அது நான் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை தள்ளி என்ற கணக்கு. RC[-2] என்றால் இதே வரிசையில் இடது பக்கம் இரண்டு தள்ளி. முழு முகவரி சொல்லாமல், "நம்ம வீட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு வீடு தள்ளி" என்று வழி சொல்வது போல. D2-இல் நின்று பார்த்தால் அது B2.

இப்போது உங்கள் `=SUM(C2:C6)`-க்கு வருவோம். எழுத்து முறையில் C2 என்றால் C நெடுவரிசையின் இரண்டாவது செல். ஆனால் எண் முறையில் C2 என்பதற்கு இரண்டாவது நெடுவரிசை முழுவதும் என்று பொருள். அப்படியானால் C2:C6 என்பது இரண்டாவது முதல் ஆறாவது வரை, அதாவது B முதல் F வரை, மேலிருந்து அடி வரை எல்லாம். நீங்கள் C-யில் ஐந்து செல்லைக் கேட்டீர்கள், அது ஐந்து முழு நெடுவரிசைகளைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். B-யில் விலைகள் எல்லாம் சேர்ந்து 402.50. C-யில் எண்ணிக்கை 91. D-யில் தொகை 3590, அதன் கீழேயே D7-இல் மறுபடி 3590, ஆக 7180. E-யில் ஜிஎஸ்டி 646.20, E7-இல் மறுபடி 646.20, ஆக 1292.40. F காலி. எல்லாவற்றையும் சேர்த்தால் 8965.90. ஒரு பைசா கூட மிச்சம் இல்லை.

`=D7+E7`-க்கு ஏன் பிழை வந்தது என்றால், எண் முறையில் D7 என்று ஒரு இடமே கிடையாது. எக்செல் அதை யாரோ வைத்த பெயர் என்று நினைத்துத் தேடிவிட்டு, கிடைக்காமல் `#NAME?` சொல்கிறது. இப்படி A, B, D, E என்று எந்த எழுத்தை அடித்தாலும் பிழை வந்துவிடும், நமக்கும் தெரிந்துவிடும். R, C என்ற இரண்டு எழுத்துகள்தான் ஆபத்து. `=SUM(C2:C6)` நெடுவரிசைகளைக் கூட்டும், `=SUM(R2:R6)` என்று அடித்தால் இரண்டு முதல் ஆறு வரை முழு வரிசைகளைக் கூட்டும். எந்த எச்சரிக்கையும் வராது. அதே ஃபார்முலாவை நீங்கள் H3-இல் அடிக்காமல் C7-இல் அடித்திருந்தால், தன்னையே கூட்டுகிறது என்று சொல்லி எக்செல் எச்சரித்திருக்கும். H எட்டாவது நெடுவரிசை, கூட்டலுக்கு வெளியே இருக்கிறது, அதனால் சத்தமில்லாமல் போய்விட்டது.

தேன்மொழி

அம்மா! 8965.90 அப்படியே வருகிறது. இப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அப்படியானால் டிக் எடுத்தால் H3 தானாகச் சரியாகிவிடுமா?

மு. நாராயணி

ஆகாது, இதைக் கவனிக்க வேண்டும். டிக் எடுத்தால் எக்செல் எழுதும் விதம்தான் மாறும், ஃபார்முலா எந்த இடத்தைக் குறிக்கிறது என்பது மாறாது. முன்பே சரியாக இருந்த ஃபார்முலா சரியாகவே திரும்பும். எண் முறை இருந்தபோது கையால் அடித்தது, அப்போது என்ன பொருளில் போனதோ அதே பொருளில் நிற்கும்.

டிக் எடுத்துவிட்டு H3-ஐப் பாருங்கள், `=SUM($B:$F)` என்று இருக்கும். H4-இல் இப்படித் தெரியும்:

```
='D7'+'E7'
```

இரண்டு பக்கமும் ஒற்றை மேற்கோள் விழுந்திருக்கிறது அல்லவா, அதுதான் அடையாளம். எண் முறையில் அடித்த எழுத்து முகவரி. அந்த மேற்கோளை எடுத்துவிட்டு Enter தட்டினால் சரியாகிவிடும். நிறைய செல் இருந்தால் அந்த செல்களை மட்டும் தேர்ந்தெடுத்து Ctrl+H போட்டு மேற்கோளை வெறுமையாக மாற்றலாம். ஷீட் முழுக்க அப்படி மாற்றாதீர்கள். ஷீட் பெயரில் இடைவெளி இருந்தால், உதாரணத்துக்கு `='ஏப்ரல் இருப்பு'!B2`, அங்கே மேற்கோள் இருந்தே ஆக வேண்டும்.

`$B:$F` மாதிரி முழு நெடுவரிசை எடுத்த ஃபார்முலா எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க, ரஃபீக் சொன்ன Ctrl + ` இப்போது உதவும். எழுத்து முறைக்கு வந்த பிறகு அதை அழுத்தி, ஷீட்டை ஒருமுறை கண்ணால் ஓட்டுங்கள். நீங்களாக வேண்டும் என்று போடாத முழு நெடுவரிசை எங்காவது இருந்தால் அது இந்த இரண்டு நாளில் வந்தது.

ஒரு விஷயம், மவுஸால் செல்லைத் தொட்டு ஃபார்முலா போட்டிருந்தால் அவை எல்லாம் சரியாகவே இருக்கும். எக்செல் தானே R[-5]C என்று சரியாக எழுதிக்கொள்ளும். கையால் அடித்ததை மட்டும் பாருங்கள்.

முத்துவேல்

நாராயணி அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஆனால் எல்லோரும் இதை ஒரு நோய் மாதிரிப் பேசுவதால் ஒரு வார்த்தை சொல்கிறேன். நான் தணிக்கை வேலையில் வெகுகாலம் இருந்தவன். இந்த முறையை நாங்கள் வேண்டுமென்றே போட்டுப் பார்ப்போம்.

தேன்மொழி, நீங்கள் போட்ட E நெடுவரிசையை மறுபடி பாருங்கள் அம்மா. நான்கு வரி `=RC[-1]*R1C7`. கடைசி வரி `=RC[-1]*0.18`. அந்த ஆறாவது வரிசையில் யாரோ G1-ஐக் காட்டாமல் விகிதத்தை நேராக அடித்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு 380-க்கு 68.40 சரியாகவே வரும். நாளைக்கு G1-இல் விகிதத்தை மாற்றினால் நான்கு வரி மாறும், ஐந்தாவது மாறாது. மொத்தம் தப்பும், ஏன் என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

எழுத்து முறையில் இது `=D2*$G$1`, `=D3*$G$1`, `=D4*$G$1` என்று ஒவ்வொரு வரியும் வேறு வேறாக இருக்கும். ஐந்து வரி என்றால் கண்ணில் படும், ஐந்நூறு வரியில் படாது. எண் முறையில் கீழே இழுத்த ஃபார்முலா எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதனால் மாறியது ஒன்று இருந்தால் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். உங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலும் யாரோ இதற்காகவே போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே சேவ் செய்து அனுப்பியிருப்பார்கள்.

தேன்மொழி

முத்துவேல் ஐயா, E6-ஐப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான். அந்தப் பொருள் நடுவில் சேர்த்தது. G1-க்கு மாற்றிவிட்டேன். மிக்க நன்றி.

ஆனால் கணேசன் சார் சொன்ன மாதிரி இது என் கம்ப்யூட்டர் செட்டிங் என்றால், ஆடிட்டர் ஃபைல் எப்படி என் கம்ப்யூட்டரை மாற்றும்?

கரிசல் கணேசன்

Options-க்குள் இருப்பதால் கம்ப்யூட்டர் செட்டிங்தான். நான் பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், யாருக்கும் திரும்ப வந்ததாகச் சொன்னதில்லை.

மு. நாராயணி

கணேசன், டிக் இருக்கும் இடம் நீங்கள் சொன்னதுதான். அதன் நிலைமை பாதி எக்செலில் இருக்கிறது, பாதி ஃபைலில் இருக்கிறது. எக்செல் ஃபைலை சேவ் செய்யும்போது, அப்போது எந்த முறையில் இருந்தோம் என்பதையும் அந்த ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கிறது. அடுத்து எக்செல் ஒன்றுமே திறந்திராத நேரத்தில் முதலில் எந்த ஃபைலைத் திறக்கிறோமோ அதன் முறையை எக்செல் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு திறக்கும் ஃபைல் எதுவாக இருந்தாலும் அந்த முறைக்கு வந்துவிடும்.

தேன்மொழியின் காலையை இதோடு வைத்துப் பாருங்கள். முதலில் திறந்தது ஆடிட்டர் ஃபைல். அது எண் முறையில் சேவ் ஆனது, எக்செலும் எண் முறைக்குப் போனது. பிறகு திறந்த இருப்பு ஃபைலும் எண்ணில் வந்தது. அதை அப்போதே சேவ் செய்திருந்தால் இப்போது இருப்பு ஃபைலுக்குள்ளும் அது எழுதப்பட்டிருக்கும். நாளைக்கு ஆடிட்டர் ஃபைலைத் தொடாமலே, இருப்பு ஃபைலை முதலில் திறந்தாலும் 1, 2, 3 வரும். அந்த இருப்பு ஃபைலைக் கடை முதலாளிக்கு அனுப்பினால் அவர் கம்ப்யூட்டரிலும் வரும். இப்படித்தான் ஓர் அலுவலகம் முழுக்கப் பரவுகிறது.

உங்கள் ஆட்களுக்கு ஏன் திரும்ப வரவில்லை என்றால், அவர்கள் டிக் எடுத்த பிறகு அந்த ஃபைலை சேவ் செய்திருப்பார்கள். டிக் எடுத்துவிட்டு சேவ் செய்யாமல் மூடினால் மறுநாள் அப்படியே வந்து நிற்கும்.

தேன்மொழி

ஆமாம், நான் டிக் எடுத்ததும் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். இப்போது எந்தெந்த ஃபைலில் இது ஏறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முந்தாநாளும் இன்றும் சேர்த்து நிறைய ஃபைலைத் திறந்து மூடியிருக்கிறேன்.

மு. நாராயணி

எளிய வழி: எக்செல் ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள், ஒன்று கூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு சந்தேகப்படும் ஃபைலை மட்டும் திறந்து மேலே பாருங்கள். எண் வந்தால் அது ஏறியது. எழுத்து வந்தால் அது சுத்தம். மூடிவிட்டு அடுத்தது.

சரிசெய்யும்போது வேறு முறை. எல்லாம் மூடிய பிறகு எக்செலை ஸ்டார்ட் மெனுவில் இருந்து திறந்து புதிய வெற்று ஷீட் ஒன்று எடுங்கள். மேலே A, B, C இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் டிக் எடுங்கள். இதை மூடாமல், ஏறிய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறங்கள். எல்லாமே எழுத்தில் வரும். ஏதாவது ஒரு செல்லில் F2 அழுத்தி Enter தட்டிவிட்டு Ctrl+S கொடுங்கள். அந்த ஃபைலுக்குள்ளும் எழுத்து முறை எழுதப்பட்டுவிடும்.

சும்மா பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: `.xlsx` ஃபைலின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் `.zip` என்று மாற்றித் திறந்தால் உள்ளே `xl` ஃபோல்டரில் `workbook.xml` இருக்கும். எண் முறையில் சேவ் ஆன ஃபைலில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
<calcPr calcId="191029" refMode="R1C1"/>
```

எழுத்து முறையில் இருந்தால் அந்த `refMode` இருக்காது. `calcId` எண் அவரவர் எக்செல் பதிப்பைப் பொறுத்து மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பிரியா

நாராயணி அக்கா, எனக்கும் இதே தொல்லை, ஆனால் நீங்கள் சொல்வதற்கு ஒத்துவரவில்லை. நான் எந்த ஃபைலையும் திறக்காமல் வெறும் எக்செலைத் திறந்தாலே 1, 2, 3தான் வருகிறது. டிக் எடுக்கிறேன், சரியாகிறது. மூடித் திறந்தால் மறுபடி எண். ஆஃபீஸை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டும் போகவில்லை.

மு. நாராயணி

பிரியா, நீங்கள் எப்போதாவது மேக்ரோ ரெக்கார்ட் செய்து, எங்கே வைப்பது என்று கேட்டபோது Personal Macro Workbook என்று கொடுத்தீர்களா?

பிரியா

ஆமாம் அக்கா, கொஞ்சம் மேக்ரோ வைத்திருக்கிறேன். பில் பிரிண்ட் எடுக்க.

மு. நாராயணி

அப்படியென்றால் நீங்கள் "எந்த ஃபைலையும் திறக்கவில்லை" என்று நினைக்கும்போதே ஒரு ஃபைல் திறந்திருக்கிறது. `PERSONAL.XLSB` என்ற அந்த ஃபைல் எக்செல் கிளம்பும்போதே மறைவாகத் திறக்கும். உங்கள் முதல் ஃபைல் அதுதான். அது எண் முறையில் சேவ் ஆகியிருந்தால் தினமும் காலையில் எண் வரும். ஆஃபீஸை எடுத்துவிட்டுப் போட்டும் போகாததற்குக் காரணம், அந்த ஃபைல் உங்கள் பயனர் ஃபோல்டரில் `%APPDATA%\Microsoft\Excel\XLSTART` என்ற இடத்தில் இருக்கிறது, அன்இன்ஸ்டால் அதைத் தொடாது.

முதலில் டிக் எடுத்து எழுத்துக்கு வாருங்கள். பிறகு Alt+F11 அழுத்துங்கள், அங்கே Ctrl+G அழுத்தினால் கீழே Immediate என்று ஒரு கட்டம் வரும். அதில் இந்த வரியை அடித்து Enter தட்டுங்கள்:

```
Workbooks("PERSONAL.XLSB").Save
```

எக்செலை மூடித் திறந்து பாருங்கள். மேக்ரோ எதுவும் போகாது. அந்த ஃபைலை அழித்துவிடாதீர்கள், இணையத்தில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள், அழித்தால் உங்கள் பில் மேக்ரோவும் போய்விடும்.

பிரியா

போய்விட்டது அக்கா!! இரண்டு தடவை மூடித் திறந்தேன், A, B, C நிற்கிறது. ரொம்ப நன்றி.

ஒரு சந்தேகம். என் மேக்ரோவை உள்ளே போய்ப் பார்த்தால் `ActiveCell.FormulaR1C1 = "=RC[-2]*RC[-1]"` என்று இருக்கிறது. இதுதான் மாற்றிவிட்டதா? இதையும் A1 ஆக்க வேண்டுமா?

மு. நாராயணி

வேண்டாம், அதைத் தொடாதீர்கள். மேக்ரோ ரெக்கார்டர் எப்போதும் அந்த வடிவில்தான் எழுதும், ஷீட்டில் எந்த முறை இருந்தாலும். அது செட்டிங்கை மாற்றாது. செட்டிங்கை மாற்றும் வரி `Application.ReferenceStyle = xlR1C1`. அந்த வரி எங்காவது இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். `FormulaR1C1`-க்கு நேராக `"=B2*C2"` என்று மாற்றி எழுதினால் தேன்மொழிக்கு வந்த அதே கோளாறு வரும். B2-க்கு மேற்கோள் விழும், C2 முழு நெடுவரிசை ஆகிவிடும்.

ரஃபீக்

இது எதற்காக வைத்திருக்கிறார்கள்? யாருக்கும் வேண்டாம் என்றால் எடுத்துவிடலாமே.

முத்துவேல்

எனக்கு வேண்டும் தம்பி. இது எக்செலுக்கு முன்பே இருந்தது. மைக்ரோசாஃப்ட் 1982-இல் மல்டிபிளான் என்று ஒரு கணக்கு ஷீட் மென்பொருள் கொண்டுவந்தது, அதில் R1C1 முறைதான். மறுபக்கம் 1979-இல் வந்த விசிகால்க், பிறகு 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 இரண்டும் A1 முறை. லோட்டஸ்தான் அலுவலகங்களைப் பிடித்துக்கொண்டது. 1985-இல் மேக்கிண்டாஷுக்கு எக்செல் வந்தபோது மக்கள் பழகியிருந்த A1-ஐ எடுத்துக்கொண்டு, பழையதையும் ஒரு டிக்கில் வைத்துவிட்டார்கள்.

நான் ஷீட் சரிபார்க்கும்போது மட்டும் போட்டுவிட்டு எடுத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் Options போக முடியாது என்பதால் இந்தச் சின்ன மேக்ரோவை ஒரு பட்டனுக்குக் கொடுத்து வைத்திருக்கிறேன்:

```
Sub MuraiMaatru()
  If Application.ReferenceStyle = xlA1 Then
    Application.ReferenceStyle = xlR1C1
  Else
    Application.ReferenceStyle = xlA1
  End If
End Sub
```

ஆனால் வேலை முடிந்து எழுத்து முறைக்குத் திரும்பிய பிறகுதான் சேவ் செய்வேன். அடுத்தவர் கைக்குப் போகும் ஃபைலில் அதை விட்டு அனுப்புவது நல்ல பழக்கம் இல்லை. தேன்மொழி அம்மா, உங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் இதை ஒரு வார்த்தை சொல்லுங்கள், சொன்னால் கேட்பார்கள்.

கரிசல் கணேசன்

சரி, ஃபைலுக்குள்ளும் இருக்கிறது என்று நானே சோதித்துப் பார்த்தேன். நாராயணி மேடம் சொன்ன மாதிரியே வருகிறது. அப்படியென்றால் எல்லோரும் ஒரு PERSONAL.XLSB-ஐ எழுத்து முறையில் சேவ் செய்து வைத்துக்கொண்டால், அதுதானே எப்போதும் முதல் ஃபைல்? வெளியிலிருந்து எந்த ஃபைல் வந்தாலும் நம்மை மாற்ற முடியாது அல்லவா?

பிரியா

இப்போது என் கம்ப்யூட்டரில் அப்படித்தான் இருக்கிறது. தேன்மொழி மேடம் மாதிரி எண் முறையில் சேவ் செய்த ஒரு ஃபைலை டபுள் கிளிக் செய்து பார்த்தேன், எழுத்தில்தான் திறந்தது.

வட்டக்கோட்டை வாசு

என் தம்பி அலுவலகத்தில் எக்செல்தான், அவனுக்கும் PERSONAL இருக்கிறது, எழுத்து முறையில்தான் சேவ் ஆகியிருக்கிறது என்கிறான். ஆனால் மெயிலில் வரும் ஒரு ஃபைலைத் திறந்தால் அவனுக்கு மாறிவிடுகிறதாம். அந்த ஃபைலில் மேக்ரோ இருக்கிறது என்றும் சொன்னான்.

மு. நாராயணி

மேக்ரோ இருந்தால் அதற்குள் `ReferenceStyle` என்று தேடச் சொல்லுங்கள். திறந்ததும் அந்த வரி ஓடினால் எது முதல் ஃபைல் என்பதெல்லாம் எடுபடாது, நேராக மாற்றிவிடும். அந்த வரி இல்லாமலும் மாறுகிறது என்றால் எழுதுங்கள், பார்ப்போம். கணேசன் சொல்லும் வழி பொதுவாக வேலை செய்யும், ஆனால் மேக்ரோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லாத அலுவலகங்களில் சிரமம்.

தேன்மொழி

ஃபைல்களை எல்லாம் மூடித் திறந்து பார்த்தேன். இருப்பு, கொள்முதல், சில்லறைச் செலவு என்று மூன்றில் ஏறியிருந்தது. வெற்று ஷீட்டை முதலில் திறந்து வைத்துக்கொண்டு மூன்றையும் சேவ் செய்துவிட்டேன். H3 `=SUM($B:$F)` என்றுதான் இருந்தது, C2:C6 என்று திருத்தினேன், 91 வருகிறது. H4-இல் மேற்கோளை எடுத்தேன், 4236.20 வருகிறது. கொள்முதல் ஃபைலிலும் ஓர் இடத்தில் `$B:$D` கிடைத்தது, அது நேற்று அடித்தது.

ஆடிட்டர் ஃபைல் மட்டும் பாஸ்வேர்டு போட்டது, படிக்க மட்டும்தான் முடியும், சேவ் செய்ய விடவில்லை. அதை என்ன செய்வது?

மு. நாராயணி

அதை ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் இருப்பு ஃபைலை முதலில் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஆடிட்டர் ஃபைலைத் திறங்கள், எழுத்திலேயே வரும். மெயிலில் இருந்து நேராகத் திறக்காமல் முதலில் டவுன்லோட் செய்துகொண்டால் இந்த வரிசையை மறக்காமல் கடைப்பிடிக்கலாம். அவர்கள் திருத்திய பிரதியை அனுப்பும் வரை இதுதான் வழி.

வட்டக்கோட்டை வாசு

தம்பியிடம் கேட்டேன். அந்த மேக்ரோவும் பாஸ்வேர்டு போட்டு மூடியிருக்கிறதாம், உள்ளே பார்க்க முடியவில்லை. அனுப்பியவர்களிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.